சித்தி மகளுக்கு எந்த மாய்ஸ்சரைசர்: பம்ப் பாட்டில் லோஷனா, ஜாடி கிரீமா?

செண்பகம்

என் சித்தி மகள் பொன்னிக்கு வறண்ட சருமம். முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாக இழுத்தாலே வெள்ளைக் கோடு விழும். கைவிரல் கணுக்களில் சின்னச் சின்ன வெடிப்புகள். முகம் பரவாயில்லை, தொந்தரவு எல்லாம் கை, கால்களில்தான். இரண்டு மாய்ஸ்சரைசர்களை எடுத்து வைத்துக்கொண்டு "எதை வாங்கலாம், நீயே சொல்லு அக்கா" என்று கேட்டாள். அவளுக்கு எழுதிய குறிப்பை இங்கே போடுகிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள், அவள் பணம் கொடுக்கும் முன்பே திருத்திவிடலாம்.

முதலாவது பம்ப் வைத்த பாட்டில் லோஷன், 400 மில்லி. இரண்டாவது அகல வாய் ஜாடியில் வரும் கிரீம், 200 கிராம். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. அதனால் ஒரு கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் கிரீம் இரண்டு மடங்கு.

தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிகிறது. லோஷன் புறங்கையில் விட்டதும் ஓடுகிறது, இரண்டு தேய்ப்பில் காணாமல் போய்விடுகிறது, பிசுபிசுப்பே இல்லை. கிரீம் விரலில் எடுத்தால் முனை நிற்கிறது. தேய்க்க நேரம் பிடிக்கிறது. தேய்த்த பிறகும் பத்து நிமிடம் வரை மெல்லிய மெழுகுப் பூச்சு மாதிரி உணர முடிகிறது. அந்தக் கையோடு தாளைத் தொட்டால் விரல் அடையாளம் விழுகிறது.

மூலப்பொருள் பட்டியல். லோஷனில் தண்ணீர், கிளிசரின், செட்டேரில் ஆல்கஹால், சைக்ளோபென்டாசிலாக்சேன், டைமெத்திகோன், அப்புறம் ஃபீனாக்ஸிஎத்தனால், வாசனை, கடைசியில் செராமைடும் சோடியம் ஹையலுரானேட்டும். கிரீமில் தண்ணீர், கிளிசரின், பெட்ரோலேட்டம், செட்டேரில் ஆல்கஹால், டைமெத்திகோன், பிறகு ஃபீனாக்ஸிஎத்தனால். வாசனை இல்லை. செராமைடும் இல்லை.

எனக்கு லோஷன் பக்கம்தான் மனம் போகிறது. அளவு இரண்டு மடங்கு, செராமைடும் ஹையலுரானேட்டும் இருக்கின்றன, பூசவும் சுலபம். கிரீமில் பார்த்தால் கிளிசரினும் பெட்ரோலியம் ஜெல்லியும்தான், புதிதாக எதுவும் இல்லை. ஆனால் பொன்னி கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை: "சீக்கிரம் உறிஞ்சிக்கொள்வது நல்லதுதானே?"

விஜி_ப

இரண்டையும் வாங்க வேண்டாம். இரண்டிலும் ஆல்கஹால் இருக்கிறதே! ஆல்கஹால் சருமத்தை உலர்த்தும். வறண்ட சருமத்துக்கு ஆல்கஹால் சேர்ந்த எதையும் தொடக் கூடாது. கைகழுவும் சானிடைசரைப் பத்து நாள் தொடர்ந்து போட்டுப் பார்த்தால் நான் சொல்வது புரியும். என் உள்ளங்கை காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

ரேவதி சு

முகத்துக்கு என்றால் கண்டிப்பாக லோஷன்தான். பெட்ரோலேட்டம் முகத்தில் கனமாக இருக்கும், எண்ணெய் வழியும். எனக்கு நெற்றியிலும் கன்னத்திலும் பரு வரும், அதனால் நான் ஜெல் மாதிரி இருப்பதைத்தான் எடுப்பேன். உங்கள் தங்கைக்கும் ஜெல் பார்க்கலாமே?

செண்பகம்

ரேவதி, முகத்துக்கு இல்லை. முழங்காலுக்குக் கீழே, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, அப்புறம் கைவிரல்கள். பொன்னிக்குப் பரு கிடையாது.

விஜி, ஆல்கஹாலை நான் கவனிக்கவே இல்லை. யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அருள்மணி

கிரீம், லோஷன் தயாரிக்கும் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

விஜி, சானிடைசர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதில் இருப்பது எத்தனால், அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால். அது சருமத்தின் கொழுப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். செட்டேரில் ஆல்கஹால் வேறு. எங்களிடம் அது வெள்ளை மெழுகுச் செதில்களாக மூட்டையில் வரும். கையில் எடுத்தால் மெழுகுவர்த்தித் துண்டு மாதிரி இருக்கும், சாராய வாடை அடிக்காது. தண்ணீரும் எண்ணெயும் பிரியாமல் நிற்கவும், கிரீம் கெட்டியாகவும் அதைப் போடுகிறோம். சருமத்தை மென்மையாக்கத்தான் செய்யும். வெகு சிலருக்கு ஒவ்வாமல் போகலாம், அது தனி. எனவே பெயரில் ஆல்கஹால் இருக்கிறது என்பதற்காக இந்த இரண்டையும் ஒதுக்க வேண்டாம். பட்டியலின் மேலே "ஆல்கஹால்" என்றோ "ஆல்கஹால் டீநாட்" என்றோ தனியாக வந்தால் யோசியுங்கள்.

செண்பகம், பட்டியலைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். மூலப்பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே போனதும் எதை முன்னால் எழுதுவது, எதைப் பின்னால் எழுதுவது என்பது தயாரிப்பவர் விருப்பம். ஃபீனாக்ஸிஎத்தனால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு 1 சதவீதம்தான் உச்சவரம்பு, பெரும்பாலானவர்கள் அதைத் தாண்ட மாட்டார்கள். ஆகவே அந்தப் பெயருக்குப் பிறகு வருவதெல்லாம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் லோஷனில் செராமைடும் ஹையலுரானேட்டும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. இரண்டும் குறைந்த அளவிலேயே சேர்க்கப்படுபவைதான், அதனால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருப்பதாலேயே கிரீமைவிட லோஷன் உயர்ந்தது என்றும் சொல்ல முடியாது.

வறண்ட காலுக்கு வேலை செய்வது மேலே இருக்கும் மூன்று நான்கு பெயர்கள். கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இரண்டிலும் அது இரண்டாவது இடத்தில் இருப்பது நல்லது. பெட்ரோலேட்டம் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் மூடி போடும். மூடி போடும் வேலையில் அதற்கு நிகரானது குறைவு. புதிதாக எதுவும் இல்லை என்று நீங்கள் ஒதுக்கிய கிரீமில் அதுதான் மூன்றாவது.

இப்போது பொன்னியின் கேள்வி. லோஷன் "உறிஞ்சிக்கொள்கிறது" என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி ஆவியாவதுதான். அதில் அதிகம் இருப்பது தண்ணீர். உங்கள் லோஷனில் உள்ள சைக்ளோபென்டாசிலாக்சேனும் பறந்துவிடும் வகை. தேய்க்கும்போது பட்டு மாதிரி வழுக்குகிறதே, அது கொஞ்ச நேரத்தில் போய்விடும். போன பிறகு தோலில் தங்குவது எவ்வளவு என்பதுதான் விஷயம். அதை வீட்டிலேயே பார்க்கலாம். சின்னத் தராசு இருந்தால் இரண்டையும் 10 கிராம் எடுத்துத் தனித்தனிக் கண்ணாடித் தட்டில் மெல்லிசாகத் தடவி ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி எடை போடுங்கள்.

செண்பகம்

செய்து பார்த்தேன். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொன்றிலும் 10 கிராம். கரண்டியின் பின்பக்கத்தால் பரப்பி, தூசி விழாத அலமாரித் தட்டில் மூடாமல் வைத்தேன்.

இரண்டு மணி நேரத்தில் லோஷன் தட்டில் வெள்ளை நிறமே போய்விட்டது. தட்டுக்குக் கீழே வைத்திருந்த காகிதத்தின் எழுத்து தெரிந்தது. ஓரங்களில் மட்டும் மெல்லிய பளபளப்பு. கிரீம் தட்டு மறுநாளும் வெள்ளையாகவே இருந்தது, விரலால் இழுத்தால் தடம் விழுந்தது.

மறுநாள் எடை: லோஷன் 2.2 கிராம், கிரீம் 4.5 கிராம். இன்னும் ஒரு நாள் விட்டுப் பார்த்தேன், இரண்டிலும் பெரிதாக மாற்றம் இல்லை.

இதை வைத்துக் கணக்குப் போட்டதும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 400 மில்லியை 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், லோஷன் பாட்டில் முழுவதிலும் தோலில் தங்கக்கூடியது 88 கிராம். 200 கிராம் கிரீமில் 90 கிராம். இரண்டும் ஒரே விலை! இரண்டு மடங்கு கிடைக்கிறது என்று பொன்னிக்கு நான் எழுதியது தவறு. கூடுதலாகக் கிடைப்பது தண்ணீர்தான். குறிப்பில் அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

அருள்மணி

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். மிஞ்சிய எடையில் கிளிசரின் காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட ஈரமும் சேர்ந்திருக்கும். ஈரக்காற்று உள்ள நாளில் அந்த எண் கொஞ்சம் கூடும். மெழுகும் கெட்டியாக்கும் பொருள்களும்கூட அதில் அடக்கம். அதனால் எவ்வளவு தங்குகிறது என்று இந்தச் சோதனை காட்டும், தங்குவது நல்ல பொருளா என்று காட்டாது. அதற்குப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். இங்கே பட்டியலும் கிரீமுக்குச் சாதகமாகவே இருக்கிறது.

லோஷனைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். முதுகு, தொடை என்று பெரிய பரப்புக்கும், ரோமம் அடர்ந்த இடத்துக்கும் அதுதான் வசதி. கிரீமை அங்கே தேய்க்க ஆரம்பித்தால் பாதியில் அலுத்துவிடும்.

தங்கராசு

இரண்டையும் விட்டுவிட்டு யூரியா கிரீம் வாங்கச் சொல்லுங்கள். எனக்குக் குதிகால் வெடித்து ரத்தம் வந்த நிலை. 25 சதவீத யூரியா கிரீமை ராத்திரி பூசி, மேலே காலுறை போட்டுப் படுத்தேன். மூன்று வாரத்தில் குதிகால் தோல் மெலிந்து வழவழப்பாகிவிட்டது. ஆரம்பத்தில் வெடிப்பின் மேல் போட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன், அது உண்மை. ஆனால் பலன் கிடைத்தது.

அருள்மணி

தங்கராசு அண்ணன், குதிகாலுக்கு அது பொருத்தம். அங்கே தோல் தடிப்பாக இருக்கிறது. யூரியா அதிக அளவில் அந்தத் தடிப்பைத் தளர்த்தி உதிர்த்துவிடும். பொன்னிக்கு இருப்பது விரல் கணுவில் வெடிப்பு. அங்கே தோல் ஏற்கெனவே மெல்லிசு, திறந்தும் இருக்கிறது. 25 சதவீதத்தைப் போட்டால் எரியும், புண் பெரிதாகவும் வாய்ப்புண்டு. கால்களுக்கு 5 சதவீதம், 10 சதவீதம் என்றால் யோசிக்கலாம், அதுவும் வெடிப்பு மூடிய பிறகு. அவள் கேட்டது இந்த இரண்டைப் பற்றி என்பதால் அதற்குள்ளேயே முடிவெடுக்க முடியும் என்று நினைக்கிறேன்.

பொன்னி

அக்கா இங்கே எழுதுவதைப் பார்த்து நானும் வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. இரண்டிலும் மாதிரிக்குக் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தேன். ஐந்து நாள் இடது பக்கம் லோஷன், வலது பக்கம் கிரீம் என்று பூசிப் பார்த்தேன். குளித்து முடித்துத் துண்டால் ஒற்றிவிட்டு, தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் இரண்டையும் பூசினேன்.

காலை 7 மணிக்குப் பூசியதும் இடது கால்தான் சுகமாக இருந்தது. வலது காலில் உடை ஒட்டியது. மதியம்வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாலை 4 மணிக்கு நகத்தால் கோடு இழுத்தேன். இடது காலில் வெள்ளைக் கோடு பளிச்சென்று விழுந்தது. வலது காலில் தோல் லேசாக அமுங்கி எழுந்தது, கோடு இல்லை. ராத்திரி படுக்கும்போதும் இல்லை. மறுநாள் குளிக்கும் முன் இழுத்தபோதுதான் மங்கலாகத் தெரிந்தது. ஐந்து நாளும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

இடது காலுக்கு மாலையில் இரண்டாவது முறை பூசினால் மறுநாள்வரை தாங்குகிறது. அதனால் அக்காவோடு உட்கார்ந்து இன்னொரு கணக்கும் போட்டோம். கால், கை, விரல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு முறைக்கு லோஷன் 7 கிராம் ஆகிறது. இரண்டு முறை என்றால் 14 கிராம், பாட்டில் 28 நாளில் தீர்ந்துவிடும். கிரீம் ஒரு முறைக்கு 5.5 கிராம், ஜாடி 36 நாள் வரும்.

ஆனால் கையில் கிரீம் எனக்குச் சரிப்படவில்லை. நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறேன், விசைகள் எல்லாம் வழுக்குகின்றன. இன்னொன்று, நான்காம் நாள் இடது முழங்கை மடிப்பில் கொஞ்சம் அரிப்பு வந்தது, லேசாகச் சிவந்தும் இருந்தது. லோஷன்தான் காரணமா?

விஜி_ப

ஆல்கஹால் பற்றித் திருத்தியதற்கு நன்றி அருள்மணி. வீட்டில் இருக்கும் இரண்டு கிரீம்களைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டிலும் செட்டேரில்தான். ஒன்றைத் தூக்கிப் போட இருந்தேன். பொன்னி, உனக்கு அரிப்பு வந்தது வாசனையால்தான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

அருள்மணி

வாசனை மேல்தான் எனக்கும் முதல் சந்தேகம், ஆனால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். முழங்கை மடிப்பு வியர்வை தேங்கும் இடம். அதற்கும் அரிக்கலாம். லோஷனில் இருக்கும் வேறு ஏதாவது ஒன்றும் ஒவ்வாமல் போகலாம். லோஷனை முழுவதும் நிறுத்து பொன்னி. சிவப்பு அடங்கிய பிறகு முன்கையின் உட்பக்கத்தில் ஒரு நாணயம் அளவு இடத்தில் மட்டும், தினம் இரண்டு முறை, ஏழிலிருந்து பத்து நாள் பூசிப் பார். அதே இடத்தில் திரும்ப வந்தால் லோஷன் உனக்கு ஆகாது. எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை இருக்கிறது. சிவப்பு பரவினாலோ, நீர் கோத்தாலோ சோதனை எதுவும் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போ.

கைக்கு நான் சொல்வது இது. விரல் கணுக்களுக்குக் கிரீமைப் படுக்கும்போது பூசு, பகலில் வேண்டாம். ஒரு பட்டாணி அளவு இரண்டு கைக்கும் போதும். அதற்கு மேல் போனால் மெத்தையில்தான் ஒட்டும். ஜாடிக்குள் ஈரக்கையை விடாதே. தண்ணீர் உள்ளே போகப் போக, கெடாமல் காக்கும் பொருளின் பலம் குறையும். சுத்தமான சின்னக் கரண்டி ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்.

ரேவதி சு

முகத்துக்கு என்று தவறாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்டேன், மன்னியுங்கள். இருந்தாலும் பொன்னி, கிரீம் பூசிய கையோடு முகத்தைத் தொடும் பழக்கம் இருந்தால் கவனம். எனக்கு அப்படித்தான் தாடையோரம் பரு வந்தது. கிரீம்தான் காரணமா என்பது இன்றுவரை தெரியாது, ஆனால் படுக்கும் முன் கையுறை போட ஆரம்பித்த பிறகு குறைந்தது.

செண்பகம்

பொன்னிக்கு அனுப்பும் குறிப்பை மாற்றி எழுதிவிட்டேன். கால்களுக்கும் ராத்திரி விரல்களுக்கும் கிரீம். பகலில் கைக்கு என்ன பூசுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. லோஷன் ஒத்துக்கொள்கிறதா என்று தெரியப் பத்து நாள் ஆகும். அதுவரை அவள் அரிசி அளவு கிரீமை மணிக்கட்டுக்கு மேலே மட்டும் பூசிக்கொள்கிறாள், விரல் நுனிகளைத் தொடாமல்.

பொன்னி

ஜாடியை இன்று வாங்கிவிட்டேன் அக்கா. சின்னக் கரண்டியை மூடியோடு ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். முன்கையில் லோஷனுக்குப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டேன், நாளைக் காலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பத்தாம் நாள் வந்து சொல்கிறேன்.